நான்கு பதினைந்துகள்: ஒரு தரகரின் வரி நாட்காட்டி

கோவையில் வீடு, மனைத் தரகு செய்பவர்களுக்கு வைகாசியில் மூச்சுவிட நேரமிருக்காது. ஆனியில் வேகம் குறையும். ஆடியில் யாரும் அட்வான்ஸ் கொடுக்கக்கூட வரமாட்டார்கள். ஆவணி பிறந்ததும் கைபேசி மறுபடி அடிக்கத் தொடங்கும், புரட்டாசியில் ஓயும். ஐப்பசி, கார்த்திகையில் ஓரளவு ஓட்டம். மார்கழியில் கடையைப் பூட்டினாலும் நஷ்டமில்லை. தை பிறந்தால் மீண்டும் பதிவு அலுவலக வாசல்.

வருமான வரிக்கும் இதேபோல நான்கு நாட்கள் உண்டு: ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. இவற்றைத் தினசரி காலண்டரில் தேடிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஓரிரு நாள் முன்பின்னாக வைகாசி முடிந்து ஆனி பிறக்கும்போது ஒன்று, ஆவணி முடியும்போது ஒன்று, கார்த்திகை முடியும்போது ஒன்று, மாசி முடிந்து பங்குனி பிறக்கும்போது ஒன்று. நல்ல மாதத்தின் பணம் கையில் இருக்கிறது. வரப்போவது மந்தமான மாதம். வரி கட்டச் சொல்லும் நாளும், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளத் தோன்றும் நாளும் ஒன்றாகிவிடுகின்றன. தரகர்கள் இந்தத் தவணைகளைத் தள்ளிப்போடுவதற்குச் சோம்பல் மட்டுமே காரணமல்ல.

ஆடிட்டர்கள் ‘அட்வான்ஸ் டாக்ஸ்’ என்று சொல்லும் இந்த முன்கூட்டிய வரி, டி.டி.எஸ். போக ஆண்டுக்கு 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வரி வரும் தொழில்காரர் எவருக்கும் பொருந்தும். ஆண்டு முழுவதற்குமான வரியில் ஜூன் 15க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள் மொத்தமாக 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் 100 சதவீதம் கட்டியிருக்க வேண்டும்.

சுயதொழில் செய்யும் எல்லோருக்கும் நான்கு தவணை இல்லை. டாக்டர், வக்கீல், கட்டட வடிவமைப்பாளர் போன்ற சில தொழில்காரர்கள், வரவில் பாதியை வருமானமாகக் காட்டும் உத்தேச முறையைத் தேர்ந்தெடுத்தால் மார்ச் 15 அன்று ஒரே தவணையில் முடித்துக்கொள்ளலாம். சிறு வியாபாரிகளுக்கும் அப்படி ஒரு வழி இருக்கிறது. கமிஷன், தரகு வருமானத்துக்கு அந்தச் சலுகையைச் சட்டம் வெளிப்படையாகவே மறுத்திருக்கிறது. ஆகவே வருமானம் எப்போது வரும் என்று தெரியாத தரகருக்குத்தான் நான்கு தவணையும் கட்டாயம்.

ஜூனுக்கு எப்படித் தெரியும்?

பீளமேட்டில் தொழில் செய்யும் ஒரு தரகரை எடுத்துக்கொள்வோம். 2025-26 நிதியாண்டு, புதிய வரி முறை. அந்த ஆண்டில் அவருக்கு வந்த மொத்தக் கமிஷன் 19 லட்சம். பெட்ரோல், போன், விளம்பரம், கூட வேலை செய்த தரகர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது எல்லாம் சேர்த்துச் செலவு 3 லட்சம். நிகர வருமானம் 16 லட்சம். இது கடைசியில் தெரிந்த கணக்கு. ஜூன் மாதம் அவருக்குத் தெரிந்தது வேறு.

ஜூன் 15 வரை செலவு போகக் கையில் நின்றது 2 லட்சம். வழக்கமான ஆண்டுகளில் அவருக்கு 9 லட்சம் வரை நிகரமாக வரும். புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்குத் தள்ளுபடி இருப்பதால் வரியே இல்லை. ஆக, ஜூன் தவணை பூஜ்யம். அன்றைய கணக்குப்படி இது சரியான முடிவு.

இந்தத் தள்ளுபடியில்தான் ஏற்ற இறக்க வருமானக்காரருக்குப் பள்ளம் இருக்கிறது. 12 லட்சத்தை ஒட்டிச் சற்று மேலே போனவர்களுக்குச் சிறு நிவாரணம் உண்டு. அதையும் தாண்டிவிட்டால், தள்ளுபடி மொத்தமாகப் போய் 4 லட்சத்துக்கு மேற்பட்ட தொகை முழுவதற்கும் வரி வந்துவிடும். 12 லட்சத்தில் பூஜ்யமாக இருந்த வரி, 13 லட்சத்தில் மேல்வரியும் சேர்த்து 78,000. அந்த ஒரு லட்சம் ஒரே ஒரு மனை கைமாறியதில் வந்ததாக இருக்கலாம்.

மனை டிசம்பரில் விற்றாலும், தவணை தவறியதற்கான வட்டியைச் சட்டம் ஜூனிலிருந்தே கணக்கிடும். ஆண்டு முடிந்து இறுதி வரி என்னவென்று தெரிந்தபின், அதில் 15 சதவீதத்தை ஜூனிலேயே கட்டினாரா என்று திரும்பிப் பார்க்கும். எதிர்பாராத மூலதன ஆதாயம், லாட்டரிப் பரிசு, டிவிடெண்ட், முதன்முதலாகத் தொடங்கிய தொழிலின் வருமானம் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. வருமானம் வந்தபின் வரும் தவணைகளில் கட்டினால் போதும். பல ஆண்டுகளாகத் தரகு செய்பவருக்கு அந்த விலக்கு கிடையாது. “அப்போது எனக்கே தெரியாது” என்பது பதிலாக எடுபடாது.

ஆனால் தவறான கணிப்பின் விலைக்கு ஒரு வரம்பு இருக்கிறது. முதல் மூன்று தவணைகளில் ஒவ்வொன்றிலும் குறைந்த தொகைக்கு மாதம் 1 சதவீதம் வீதம் மூன்று மாத வட்டி. மார்ச் தவணைக் குறைவுக்கு ஒரு மாதம். ஜூனில் 12 சதவீதமும் செப்டம்பரில் 36 சதவீதமும் கட்டியிருந்தாலே அந்தத் தவணைகளுக்கு வட்டி கேட்பதில்லை. விலை இன்னதென்று தெரிந்துவிட்டால், ஒவ்வொரு பதினைந்தாம் தேதியும் பயமில்லாமல் முடிவெடுக்கலாம்.

ஒரு பக்கக் கணக்கு

நம் தரகர் ஒவ்வொரு தவணைக்கும் ஒரே ஒரு தாள் வைத்திருக்கிறார். முதல் வரியில் இதுவரை வந்த கமிஷன், செலவு போக. இரண்டாவதில் ஒப்பந்தம் போட்டு, பதிவு தேதியும் குறித்தாகிவிட்ட கிரயங்களின் கமிஷன். ‘பார்ட்டி பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்’ என்ற வகை எதுவும் இதில் ஏறாது. மூன்றாவதில் பிடிக்கப்பட்ட, பிடிக்கப்படப்போகிற டி.டி.எஸ். நான்காவதில் ஏற்கெனவே கட்டிய தவணைகள்.

செப்டம்பர் 15 வரை நிகர வரவு 4.5 லட்சம். சரவணம்பட்டியில் ஒரு பெரிய மனைக்குப் பேச்சு நடக்கிறது, ஒப்பந்தம் இல்லை. தாளின்படி ஆண்டு வருமானம் 10 லட்சத்தைத் தொடாது. மறுபடி பூஜ்யம். வந்த ஒவ்வொரு கமிஷனிலும் பத்தில் ஒரு பங்கைத் தனிச் சேமிப்புக் கணக்கில் அவர் போட்டு வந்ததால், கட்ட நினைத்திருந்தால் ஒரு தவணைக்குப் பணம் இருந்தது. கட்டவில்லை. முன்னெச்சரிக்கையாகக் கட்டி, பின்னால் வரியே இல்லை என்றானால் பணம் ரீஃபண்டாகத் திரும்பும். அதற்குத் துறை தரும் வட்டி மாதம் அரை சதவீதம். கட்டாமல் விட்டு வரி வந்தால் அவர் தருவது ஒரு சதவீதம். கிரயம் முடியும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்று தோன்றுகிறவர் கட்டிவிடுவது லாபம். அவருக்கு அப்படித் தோன்றவில்லை.

கார்த்திகையில் அந்த மனை முடிந்தது. டிசம்பர் 15க்கு முன் நிகர வரவு 9.5 லட்சம். இரண்டாவது வரியில் ஒரு பில்டர் தரவேண்டிய 1.5 லட்சமும், தையில் பதிவாகப்போகும் ஒரு வீட்டின் 2 லட்சமும் ஏறின. ஆக 13 லட்சம், வரி 78,000. பில்டர் பிடிக்கும் டி.டி.எஸ். ஆண்டுக்கு 8,000 என்று கழித்தால் மிச்சம் 70,000. அதில் 75 சதவீதமான 52,500 ரூபாயை டிசம்பர் 12 அன்று கட்டினார்.

தை எதிர்பார்த்ததைவிட நன்றாக ஓடியது. மார்ச் இரண்டாம் வாரத்தில் தாள் 16 லட்சம் என்றது. வரி 1,24,800. டி.டி.எஸ். 8,000 போனால் 1,16,800. டிசம்பரில் கட்டியது போக மிச்சம் 64,300. 2026 மார்ச் 15 ஞாயிற்றுக்கிழமை. கடைசி நாள் வங்கி விடுமுறையானால் அடுத்த வேலை நாளில் கட்டுவதை ஏற்கிறார்கள் என்றாலும், அவர் வெள்ளிக்கிழமையே முடித்துவிட்டார்.

இப்போது வட்டி. ஜூனில் கட்டியிருக்க வேண்டியது 17,520. நூறுக்குக் கீழ் உள்ளதை விட்டு 17,500க்கு மூன்று மாத வட்டி 525 ரூபாய். செப்டம்பரில் 52,560 இருந்திருக்க வேண்டும், வட்டி 1,575. டிசம்பரில் 87,600 வேண்டும், கட்டியது 52,500. குறைந்த 35,100க்கு 1,053. மார்ச்சில் குறைவில்லை. மொத்தம் 3,153 ரூபாய்.

இதே மனிதர் ஒரு தவணையும் கட்டாமல், ஜூலை கடைசியில் கணக்குத் தாக்கல் செய்யும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால்? தவணை வட்டி மட்டும் 5,896 ஆகியிருக்கும். மார்ச் 31க்குள் 90 சதவீதம்கூடக் கட்டாதவருக்கு ஏப்ரலிலிருந்து கட்டும் மாதம் வரை இன்னொரு ஒரு சதவீதம் தனியாக ஓடும். நான்கு மாதத்துக்கு அது 4,672. இரண்டும் சேர்ந்து 10,568. ஜூனிலும் செப்டம்பரிலும் தவறிய கணிப்பு அவருக்கு 2,100 ரூபாய் செலவு வைத்தது. டிசம்பரிலும் மார்ச்சிலும் கட்டியது 7,400 ரூபாய்க்கு மேல் மிச்சப்படுத்தியது. வருமானம் பின்பாதியில் குவிகிறவர்கள் கார்த்திகைக் கடைசியைத்தான் கண்ணில் வைத்திருக்க வேண்டும்.

பணம் ஒரு பக்கம், காகிதம் பின்னால்

தவணைக்குரிய தாளில் மூன்றாவது வரி, அதாவது டி.டி.எஸ்., எப்போதும் ஒரு காலாண்டு பிந்தியே உறுதியாகும். தனி ஆட்கள் வீடு வாங்கும்போது தரும் கமிஷனில் பெரும்பாலும் எதுவும் பிடிப்பதில்லை. நிறுவனமாக இயங்கும் பில்டர் கொடுத்தால், ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டும் தரகில் 2 சதவீதம் பிடிக்க வேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரை பிடித்ததற்கான அறிக்கையைப் பில்டர் ஜூலை 31க்குள் தாக்கல் செய்கிறார். அதன் பிறகே தரகரின் 26ஏ.எஸ். பக்கத்தில் அந்தத் தொகை ஏறும். சான்றிதழான 16ஏ படிவம் ஆகஸ்ட் 15க்குள் வர வேண்டும். ஜூன் 15 அன்று 26ஏ.எஸ். காலியாக இருப்பது இயல்பு. அன்றைக்குப் பில்டர் கொடுத்த கமிஷன் விவரத் தாள்தான் ஆதாரம்.

செப்டம்பர் தவணைக்கு உட்காரும்போதும் அது காலியாக இருந்தால் எங்கோ தவறு. நம் தரகருக்கு அப்படித்தான் ஆனது. மே மாதம் வந்த ஒரு லட்சத்தில் பிடித்த 2,000 ரூபாயைக் காணோம். பில்டர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவுக்குப் போன் போட்டார்.

“ஏம்மா, மே மாசத்துக் கமிஷன்ல பிடிச்ச ரெண்டாயிரம் எம்பேர்ல ஏறவே இல்லியே?”

“பான் நம்பரைச் சொல்லுங்கண்ணா…” சற்று நேரம் விசைப்பலகைச் சத்தம். “ஒரு எழுத்து மாத்திப் போட்டிருக்கோமுங்க. திருத்தின அறிக்கை போட்டுடறோமுங்கண்ணா.”

பிடித்தவர் திருத்தினால்தான் உண்டு, தரகர் தன் பக்கத்தில் எதையும் மாற்ற முடியாது. செப்டம்பரில் கேட்டதால் ஐப்பசிக்குள் சரியானது. இதையே ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்யும் வாரத்தில் கண்டுபிடித்திருந்தால், 2,000 ரூபாயை விட்டுக்கொடுப்பதா, நோட்டீஸுக்குப் பதில் எழுதுவதா என்ற யோசனையில் நாள் போயிருக்கும்.

காகிதத்தில் இன்னொரு பொத்தல், தரகர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளும் பங்கு. பதிவு முடிந்த அன்றே டீக்கடையில் 25,000 ரூபாயை ரொக்கமாக எண்ணிக் கொடுப்பது வழக்கம். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவைச் சட்டம் செலவாக ஏற்காது. அந்த 25,000 அவர் வருமானத்திலேயே தங்கிவிடும். நம் தரகரின் 16 லட்சத்தோடு அது சேர்ந்தால் 5,200 ரூபாய் வரி. ஜிபேயில் அனுப்பியிருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை. வாங்கும் பக்கத்திலும் ஒரு கோடு உண்டு: ஒரு கிரயத்துக்கு ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வரலாம்.

சுவரில் ஒட்டும் தாள்

அவர் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கும் நாட்காட்டி இது:

ஜூன் 10 முதல் 15 வரை: தாளைப் போட்டு முதல் தவணை. முந்தைய ஆண்டின் கடைசிக் காலாண்டுக்கான 16ஏ இந்த வாரத்தில் வந்துசேர வேண்டும்.

ஆகஸ்ட் 16 (ஆடி முடியும் நேரம், வேலையும் இருக்காது): 26ஏ.எஸ். திறந்து முதல் காலாண்டு டி.டி.எஸ். ஏறியிருக்கிறதா என்று பார்த்தல்.

செப்டம்பர் 10 முதல் 15 வரை: இரண்டாம் தவணை. மாதக் கடைசிக்குள் மாநகராட்சிக்கு அரையாண்டுத் தொழில் வரி. அந்த ரசீதும் செலவுக் கோப்பில்.

நவம்பர் 16: இரண்டாம் காலாண்டு டி.டி.எஸ். சரிபார்ப்பு.

டிசம்பர் 10 முதல் 15 வரை: மூன்றாம் தவணை. அதையடுத்த மார்கழி முழுவதும் வங்கி அறிக்கையையும் செலவு ரசீதுகளையும் பொருத்திப் பார்க்கும் காலம்.

பிப்ரவரி 16: மூன்றாம் காலாண்டு டி.டி.எஸ். அதோடு ஆண்டின் மொத்த வரவு 20 லட்சத்தைத் தொடுகிறதா என்று ஒரு பார்வை. ஜி.எஸ்.டி. பதிவுக்கான இந்த வரம்பு லாபத்தில் கணக்கிடப்படுவதல்ல. பிறருக்குப் பிரித்துக் கொடுத்ததும் சேர்ந்த முழு வரவில் கணக்கிடப்படுவது. 19 லட்சத்தில் நின்ற நம் தரகருக்கு இது மயிரிழை.

மார்ச் 10 முதல் 15 வரை: கடைசித் தவணை. மாதக் கடைசிக்குள் இரண்டாம் அரையாண்டுத் தொழில் வரி. 15ஆம் தேதிக்குப் பின் புதிதாகக் கமிஷன் வந்தால், அதற்கான வரியை 31க்குள் கட்டினாலும் முன்கூட்டிய வரியாகவே சேரும்.

கணக்குத் தாக்கலுக்கான கடைசி நாளை இந்தத் தாளில் அவர் பென்சிலால்தான் எழுதுகிறார். 2025இல் ஜூலை 31 என்றிருந்தது செப்டம்பர் 15 ஆகி, கடைசியில் இன்னும் ஒரு நாள் நீண்டது. அந்த நீட்டிப்பால் தவணைத் தேதிகள் எதுவும் நகரவில்லை.

சலானில் ஒரு எண்

பணம் கட்டுவது ஐந்து நிமிட வேலை. incometax.gov.in தளத்தில் e-Pay Tax, பான், கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. போதும், கடவுச்சொல்கூட வேண்டாம். தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று வகை: தவணைக்கு Advance Tax (100), ஆண்டு முடிந்து மிச்சத்தைக் கட்டுவதற்கு Self Assessment Tax (300). இரண்டாவது ஆண்டு. 2025 ஏப்ரலிலிருந்து 2026 மார்ச் வரை சம்பாதித்ததற்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27. பழக்கத்தில் 2025-26ஐத் தொட்டுவிட்டால் பணம் முந்தைய ஆண்டுக் கணக்கில் போய் உட்காரும். கட்டிய ஏழு நாட்களுக்குள் பார்த்துவிட்டால் தளத்திலேயே திருத்தக் கோரலாம். தாண்டிவிட்டால் தன் பகுதி வரி அதிகாரிக்கு எழுத வேண்டும். அதனால் கட்டிய அன்றே சலானை இறக்கி, ஆண்டையும் வகையையும் வட்டமிட்டுக் கோப்பில் போடுகிறார்.

2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது. தவணைத் தேதிகளும் சதவீதங்களும் அப்படியே இருக்கின்றன. பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. ‘மதிப்பீட்டு ஆண்டு’ போய், சம்பாதிக்கும் ஆண்டையே குறிக்கும் ‘வரி ஆண்டு’ வந்திருக்கிறது. 2026 ஏப்ரல் முதல் 2027 மார்ச் வரை வரி ஆண்டு 2026-27.

ஆகவே 2026 ஜூனில் நம் தரகர் முன் இரண்டு சலான்கள் இருக்கும். ஒன்று, போன ஆண்டுக்கான 3,153 ரூபாய் வட்டி. அது மதிப்பீட்டு ஆண்டு 2026-27. மற்றது, வைகாசிக் கமிஷனுக்கான புதிய ஆண்டின் முதல் தவணை; அது வரி ஆண்டு 2026-27. இரண்டிலும் ஒரே எண். அவர் இப்போதே இரண்டு பழுப்பு உறைகளை எடுத்து, ஒன்றில் ‘போன வருஷம்’ என்றும் மற்றதில் ‘இந்த வருஷம்’ என்றும் மார்க்கரில் எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறார்.